இரண்டு ஜாலான் பெசார்

கேமரன் மலையில் தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய இரண்டு பட்டணங்களிலும் ‘ஜாலான் பெசார்’ என்னும் பெருவீதி உண்டு. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவு. முகவரியில் பட்டணத்தின் பெயர் விடுபட்டால், அஞ்சற்குறியின் மூன்றாம் இலக்கமே வழிகாட்டும். தானா ராத்தாவுக்கு 39000; பிரிஞ்சாங்கிற்கு 39100.

சில ஆண்டுகளுக்கு முன், தேயிலைத் தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த தந்தை ஒருவர், மகனின் உதவித்தொகைப் பாரத்தைக் கையால் நிரப்பித் தந்தார். பதில் கடிதம் தவறிய இடத்திற்குப் போனால் பையனின் உதவி கைநழுவிவிடும். பாரத்தில் இருந்தது இவ்வளவே: “எண் 23ஏ, ஜாலான் பெசார், ஸ்ரீ பிரிஞ்சாங் செபெலா, கேமரன் ஹைலண்ட்ஸ்”. அஞ்சற்குறியின் நடு இலக்கம் மழையில் நனைந்து அழிந்திருந்தது. ‘பிரிஞ்சாங்’ என்று கண்டதும் 39100 என எழுதிவிடலாம் என்றார் உடனிருந்த ஆசிரியை.

நான் ‘செபெலா’ என்னும் சொல்லைக் கவனித்தேன். அதற்குப் பக்கத்தில் என்பது பொருள். தன் வீடு ஒரு பட்டணத்திற்குப் பக்கத்தில் இருப்பதாக யாரும் எழுதுவதில்லை. கடைக்குப் பக்கத்தில் என்றுதான் எழுதுவார்கள். ‘ஸ்ரீ’ என்னும் அடைமொழியும் பட்டணத்தின் பெயரில் இல்லை. ஸ்ரீ பிரிஞ்சாங் என்னும் இந்திய உணவகம், பெயருக்கு மாறாக, தானா ராத்தாவின் ஜாலான் பெசாரில் 25ஆம் எண்ணில் இருந்தது. 23ஏ அதற்கு அண்மையிலுள்ள எண். கடைப்பெயரும் எண்ணும் ஒரே வீதியைக் காட்டியதால் 39000 என்று முடிவு செய்தேன்.

ஆயினும் ‘ஏ’ என்னும் எழுத்து ஓர் ஐயத்தை எழுப்பிற்று. நம் நாட்டில் அதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, 23ஆம் எண் கடையின் மாடி. மற்றொன்று, 24இன் மாற்றெண். சீன மொழியில் நான்கின் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால், பல இடங்களில் 4ஐ 3ஏ என்றும் 24ஐ 23ஏ என்றும் எழுதுவர். வரிசையில் 24 என்னும் பலகை இருந்தால் 23ஏ மாடிதான். இல்லையெனில் அது தனி வீடாக இருக்கலாம். பையனையே கேட்டேன்.

“உன் வீட்டிற்குப் படி ஏறித்தான் போக வேண்டுமா, ஐயா?”

“ஆமாம், டீச்சர். கீழே கடை இருக்கு.”

உறையின் மேல் ‘முதல் மாடி’ என்றும் சேர்த்து எழுதினேன்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கடை இடம் மாறலாம்; ஒரே பெயரில் இரு பட்டணங்களிலும் கடை இருக்கலாம். ஆகவே கடைப்பெயரை மட்டும் நம்பலாகாது. அதன் கதவெண் முகவரியின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் வீட்டாரிடம் கேட்பதே முறை. பெற்றோர் பாரம் நிரப்பும்போது, வீதியின் பெயரை அடுத்துப் பட்டணத்தின் பெயரைத் தனி வரியில் எழுதிவிட்டால் இந்த ஆராய்ச்சிக்கே வேலை இராது.