டிரைவுக்குப் போகாத சாவி

எங்கள் வீட்டு பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே கீபாஸ் கோப்பில் இருக்கின்றன. என் லேப்டாப்பிலும் அம்மாவின் போனிலும் திறக்க வசதியாக, அதை கிளவுடில் வைத்திருக்கிறேன்.

"யாராவது எடுத்துட்டா?" என்று கேட்டார் அம்மா. கோப்பு பூட்டியேதான் இருக்கும். ஆனால், எடுத்தவர் மாஸ்டர் பாஸ்வேர்டை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாமே! அதற்குத்தான் 'கீ ஃபைல்' என்ற இரண்டாவது சாவி. அது கிளவுடுக்குப் போகவே கூடாது. கேபிள் போட்டு அம்மாவின் போனுக்கு ஒருமுறை மாற்றினேன். பாஸ்வேர்டுகளைத் திருத்தினாலும் சாவி மாறாது என்பதால், மறுபடி அனுப்பும் வேலையில்லை. பீரோவில் ஒரு பென் டிரைவிலும் நகல் உண்டு. எல்லா நகலும் தொலைந்தால் எங்களுக்கும் திறக்காது.

இருவரும் ஒரே நேரத்தில் திருத்தினால் சில சமயம் இரண்டு கோப்புகள் வந்து நிற்கும். எதையும் அழிக்காமல், KeePassXC-யில் Database மெனுவுக்குப் போய் Merge From Database கொடுப்பேன். அம்மா மாற்றிய கரன்ட் பில் பாஸ்வேர்டும், நான் சேர்த்த வங்கிக் கணக்கும் ஒன்றாகிவிடும்.