வானத்தில் புள்ளி எடுப்பவர்கள்

மதுரையில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் எடிட்டிங் அறைகளில் நடக்கும் வேலைகளில், ஆல்பத்தைப் புரட்டுகிறவர் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத வேலை ஒன்று உண்டு. அது வானத்தில் புள்ளி எடுப்பது. முகூர்த்தமும் வரவேற்பும் நிறம் பார்த்து முடிந்த பிறகு, மணமக்களைக் கடற்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ கூட்டிப்போய் எடுத்த அவுட்டோர் படங்கள் திரைக்கு வருகின்றன. வானத்தில் ஆங்காங்கே ஓரம் மங்கிய சாம்பல் நிற வட்டங்கள். எடிட்டர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக அழிக்கிறார். அடுத்த படத்தைத் திறந்தால் அதே இடங்களில் அதே வட்டங்கள். அதையும் அழிக்கிறார். ஒரு ஜோடியின் அவுட்டோர் வரிசை முழுக்க இப்படியே போகிறது. பல அறைகளில் இந்த உழைப்பு தவறான இடத்தில் செலவாகிறது என்பது என் கருத்து. அந்தப் புள்ளிகள் கேமராவுக்குச் சொந்தமானவை. எனவே அழிக்கும் வேலையையும் படம் படமாகப் பிரிக்காமல், எந்தக் கேமரா, எந்த நேரம், எந்த லென்ஸ் என்று பிரித்துச் செய்ய வேண்டும். பிறகு எடிட்டரின் கண் எங்கே உண்மையில் தேவையோ அங்கே மட்டும் அதை வைக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் தூசி உட்காரும் இடத்திலேயே இருக்கிறது. சென்சார் அழுக்கானது என்று நாம் பேசினாலும் தூசி சென்சார் மேல் விழுவதில்லை. சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது, தூசி அதன் மேல் ஒட்டுகிறது. இரண்டுக்கும் இடையே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் தூரம். படத்தில் நாம் பார்ப்பது தூசியின் நிழலைத்தான். லென்ஸின் அப்பெர்ச்சர் அகலமாகத் திறந்திருந்தால் ஒளி பல கோணங்களில் இருந்து வந்து அந்த நிழலைக் கரைத்துவிடும். அப்பெர்ச்சரைச் சுருக்கச் சுருக்க நிழல் சிறுத்துக் கறுக்கும். தூசியின் அகலம் 0.05 மி.மீ., தூரம் 1.5 மி.மீ. என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். f/2.8-இல் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒளிக்கூம்பின் அகலம் அரை மி.மீ.க்குச் சற்று மேல். தூசி அதில் மறைக்கும் ஒளி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. f/11-இல் கூம்பு 0.14 மி.மீ. ஆகச் சுருங்குகிறது, நூற்றில் 13 பங்கு ஒளி போய்விடுகிறது. f/16-இல் 28 பங்கு. தூசி அதேதான், இருக்கும் இடமும் அதேதான். அப்பெர்ச்சர் மட்டும் மாறியிருக்கிறது.

ஒரே கேமராவில், ஒரே நாளில், மண்டபத்தில் எடுத்த படங்கள் சுத்தமாகவும் அவுட்டோர் படங்கள் புள்ளிமயமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாது, f/2.8-ஐத் தாண்டுவது அரிது. வெளியே வெயிலில் மணமக்கள் மேல் பிளாஷ் அடித்து வானத்தின் நீலத்தையும் காப்பாற்ற வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண பிளாஷுடன் 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் ஷட்டர் வேகத்தைக் கூட்ட முடியாது. மிஞ்சிய வெயிலை அடக்க அப்பெர்ச்சரைச் சுருக்குவதே வழி என்பதால் f/11, f/16 வந்துவிடுகிறது. அதாவது காலையிலிருந்தே கண்ணாடியில் இருந்த தூசி மாலையில்தான் வெளிப்படுகிறது. கடற்கரைக் காற்றில் புகைப்படக்காரர் கவனக்குறைவாக லென்ஸ் மாற்றினார் என்று பழி போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் எப்போதும் அல்ல. நிக்கான் D600 கேமரா 2012-இல் வந்தபோது படத்தின் மேல் இடது பக்கத்தில் புள்ளிகள் குவிவதாகப் பலர் புகார் செய்தார்கள். லென்ஸைக் கழற்றாமலே பயன்படுத்தியவர்களுக்கும் புள்ளிகள் வந்தன. கடைசியில் நிறுவனம் ஷட்டர் பகுதியையே இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. தூசி கேமராவின் உள்ளிருந்தும் வரலாம்.

இனி வேலைக்கு வருவோம். அவுட்டோர் வரிசையில் அப்பெர்ச்சர் மிகவும் சுருங்கியிருக்கும், வெறும் வானம் அதிகம் தெரியும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அந்தக் கேமராவின் வரைபடம். இந்த அறைகளில் அதிகம் புழங்கும் லைட்ரூமில் Visualize Spots என்ற வசதியைத் திறந்தால் படம் கறுப்பு வெள்ளைக் கோட்டுருவமாக மாறி, கண்ணுக்குத் தப்பிய மங்கல் புள்ளிகளும் வட்டங்களாக எழுந்து நிற்கும். பறவையா தூசியா என்று சந்தேகம் வந்தால் அடுத்த படத்தோடு மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும். காட்சி நகர்ந்தும் நகராமல் நிற்பது தூசி. இந்த ஒரு படத்தில் எல்லாப் புள்ளிகளையும் குறித்து ஆற்றிய பிறகு, அந்தத் திருத்தத்தை மட்டும் தேர்ந்து Sync மூலம் வரிசையின் மற்றப் படங்களுக்கு அனுப்பலாம். இதை முகத்தில் பருவோ தழும்போ தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பின்னால் அனுப்பினால் தனித்தனியாகச் செய்த முகத் திருத்தம் அழிந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

எந்தப் படங்களுக்கு அனுப்புவது என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. ஒரு திருமணத்துக்கு இரண்டு பேர் ஒரே மாடல் கேமராவோடு வருவது இங்கே சாதாரணம். கார்டுகளை ஒரே ஃபோல்டரில் கொட்டியதும் இருவர் படங்களும் கலந்துவிடுகின்றன. மாடல் பெயரை வைத்துப் பிரித்தால் முதலாமவரின் தூசி வரைபடம் இரண்டாமவரின் படங்களில் போய் விழும். அங்கே அழிக்கத் தூசி இல்லை, அழிவது வேறு ஏதோ. Camera Serial Number கொண்டு வடிகட்டுவதுதான் சரி. அடுத்தது லென்ஸ். தூசிக்கும் சென்சாருக்கும் இடைவெளி இருப்பதால், ஒளி வரும் கோணம் மாறினால் நிழலும் சற்று நகர்கிறது. படத்தின் நடுவில் இது தெரியாது. ஓரத்தில் லென்ஸுக்கு லென்ஸ் பல பிக்ஸல் விலகலாம். எனவே ஆற்றும் வட்டம் புள்ளியை ஒட்டினாற்போல் இல்லாமல் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும், அல்லது லென்ஸ் வாரியாகத் தனி வரைபடம் வேண்டும். மூன்றாவது நேரம். லென்ஸைக் கழற்றிய இடத்தில் புதுத் தூசி வந்திருக்கும். கேமராவை அணைத்துப் போடும்போது வடிகட்டிக் கண்ணாடி தன்னை உலுக்கிக்கொண்டதில் பழைய தூசி விழுந்தும் இருக்கும். வரிசையின் முதல், நடு, கடைசிப் படங்களைப் பார்த்தாலே வரைபடம் எந்த இடத்தில் காலாவதியாகிறது என்று தெரிந்துவிடும்.

இந்த முறையை ஏற்காத எடிட்டர்கள் சொல்லும் மறுப்பில் நியாயம் உண்டு. ஒரே திருத்தத்தை எல்லாப் படத்துக்கும் தள்ளினால், வானம் இருந்த இடத்தில் மணப்பெண்ணின் கன்னம் வரும் படத்தில் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். திருஷ்டிப் பொட்டு போகும், மூக்குத்தியின் ஒரு கல் போகும், ஜிமிக்கியின் ஒரு முத்து காணாமல் போகும். தூசியை விட்டுவைப்பதைவிட இது மோசமான பிழை. தூசியைப் பார்ப்பவர் தூசி என்று அறிவார், காணாமல் போன மூக்குத்திக் கல்லை மணப்பெண் வீட்டார் மட்டுமே அறிவார்கள். ஆனால் இந்த மறுப்பிலிருந்து படம் படமாக அழிக்க வேண்டும் என்ற முடிவு வராது. வரைபடத்தில் பத்துப் புள்ளி இருந்தால், ஒவ்வொரு படத்திலும் அந்தப் பத்து இடங்களை மட்டும் பார்த்தால் போதும் என்ற முடிவுதான் வரும். வானம், மணல், மங்கிய பின்னணி ஆகியவற்றில் விழுந்த வட்டத்தை அப்படியே விடலாம். முகம், நகை, புடவையின் ஜரிகை, கட்டட விளிம்பு ஆகியவற்றின் மேல் விழுந்த வட்டத்தை அந்தப் படத்தில் மட்டும் நீக்கிவிடலாம். நுணுக்கமான ஜரிகையின் நடுவே தூசி இருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. ஆற்றிய தடம்தான் தெரியும். ஆற்றுவதற்கு எடுக்கும் பகுதியைக் கையால் இழுத்து வைக்காமல் மென்பொருளே தேர்ந்தெடுக்கும்படி விட வேண்டும் என்பதும் இங்கே முக்கியம். கையால் வைத்தது எல்லாப் படத்திலும் அதே இடத்திலிருந்துதான் எடுக்கும், அங்கே ஒரு படத்தில் மாப்பிள்ளையின் தலைமுடி இருந்தால் வானத்தில் முடிக்கற்றை முளைக்கும்.

இன்னொரு மறுப்பு, அச்சில் இதெல்லாம் தெரியாது என்பது. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு அது சரி. நம் ஊரில் அவுட்டோர் படம் போவது 12-க்கு 36 அங்குல ஷீட்டில், இரு பக்கமும் விரிந்து. 36 மி.மீ. அகலச் சென்சாரின் படம் 36 அங்குலமாக விரியும்போது சுமார் 25 மடங்கு பெரிதாகிறது. f/11-இல் சென்சார் மேல் விழுந்த நிழல் ஷீட்டில் 4 மி.மீ. அகலத்துக்கு மேல் நிற்கும். அதோடு வானம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கான்ட்ராஸ்ட் கூட்டும்போது, முதலில் தெரியாமல் இருந்த மங்கல் வட்டங்களும் மேலெழுந்து வரும். அதனால் நிறவேலை முடிந்த பிறகு வானத்தை மறுபடி ஒருமுறை பார்ப்பது அவசியம். நிறவேலைக்கு முன்னால் பார்த்துத் திருப்தியடைந்த வானத்தை நம்ப முடியாது.

சென்சாரைச் சுத்தம் செய்துவிட்டால் இந்த வேலையே வேண்டாமே என்றும் சொல்வார்கள். சுத்தம் செய்யத்தான் வேண்டும். முதலில் கையால் அழுத்தும் ஊதுகுழல், அதில் போகாதவற்றுக்கு மட்டும் சென்சார் அளவுக்கு வெட்டிய துடைப்பானும் அதற்கான திரவமும். வாயால் ஊதினால் எச்சில் படும், டப்பாவில் அடைத்த காற்றை அடித்தால் அதிலுள்ள வாயுத் திரவம் கண்ணாடியில் தெறிக்கும். படம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேலே தெரியும் புள்ளி கேமராவுக்குள் பார்க்கும்போது கீழே இருக்கும், இடம் வலம் மாறாது. ஆனால் இவை அடுத்த திருமணத்துக்குத்தான் உதவும். எடுத்து முடித்த படங்கள் எடிட்டர் மேஜையில் அப்படியே இருக்கின்றன. ஒரு வெள்ளைப் பரப்பைப் படமெடுத்துத் தூசியின் இடங்களைக் கேமராவே குறித்துவைக்கும் வசதியைக் கேனானும் நிக்கானும் தந்திருக்கின்றன, ஆனால் அந்தக் குறிப்பைப் படிப்பது அவரவர் மென்பொருள்தான். லைட்ரூமில் வேலை செய்யும் எடிட்டருக்கு அது கைக்கு வராது.

அந்த வசதி எட்டாவிட்டாலும் அதன் யோசனை எல்லோருக்கும் எட்டும். ஒரு வெள்ளைச் சுவரை f/16-இல், ஃபோகஸ் கலைத்து, கேமராவைச் சற்று அசைத்தபடி ஒரு படம் எடுத்தால் போதும். சுவரின் கறைகள் அசைவில் கரைந்துவிடும், தூசி மட்டும் தெளிவாக நிற்கும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆல்பம் எடிட்டர்களின் கூலி பெரும்பாலும் ஷீட் கணக்கில் போகிறது, புள்ளி எடுக்கும் நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. வேறொருவர் கேமராவின் அழுக்கை அவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்துத் துடைக்கிறார்கள். புகைப்படக்காரர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: அவுட்டோர் தொடங்கும்போது ஒன்று, லென்ஸ் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒன்று என இந்த வெள்ளைப் படத்தை எடுத்து, கார்டோடு சேர்த்து எடிட்டருக்குக் கொடுங்கள்.