ஒரு மணிக்குச் சோறு வேண்டுமென்றால்

எங்கள் கல்லூரியில் மூன்று நாள் கருத்தரங்கம். சாப்பாட்டுக்கு விலைப்புள்ளி கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. விலை போடுகிறவர் எதையெல்லாம் பார்த்துப் போடுகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதலாம் என்று, மதுரையில் ஒரு சமையல் காண்ட்ராக்டரின் கூடத்துக்கு விடியுமுன் போனேன்.

அடுப்புகள் அதற்குள் எரிந்துகொண்டிருந்தன. சுவரோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் முந்தைய இரவே உரித்தாகிவிட்டது. எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பெரியவர் பருப்பு அண்டாவைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார்.

"மூணு நாளு, இருநூத்தி இருபது பேருன்னு ஒத்த வரியில எழுதிராதீங்க சார். வேளைக்கு எத்தனை தலைன்னு எழுதுங்க."

எங்கள் பட்டியலை அவர் முன்னால் விரித்தேன். முதல் நாள் மதியம் 220 பேர். இரண்டாம் நாள் உள்ளூர்க்காரர்கள் சிலர் வரமாட்டார்கள், 200. மூன்றாம் நாள் பலர் மதிய ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள், 140. ஒரே எண்ணாக எழுதினால் மதியத்துக்கு மட்டும் 660 சாப்பாடு. உண்மையில் தேவை 560. காலையும் இரவும் விடுதியில் தங்குகிற 90 பேருக்குத்தான். அசைவம் 80 பேருக்கு என்றாலும், பொரியலும் கூட்டும் அவர்களும் எடுப்பார்கள். அதனால் சைவ வகைகளை 220 பேருக்கும் சேர்த்தே சமைக்கவேண்டும் என்றார்.

அடுத்து உணவுக் கட்டுப்பாடுகள். 'சமணர் 6 பேர்' என்று குறித்திருந்தோம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் எதுவும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு: "பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டாங்களே, ராத்திரி எட்டு மணிப் பந்தியில அவங்களுக்கு என்ன வேலை?" அந்த ஆறு பேருக்கும் மாலை ஐந்தரைக்குத் தனிப் பொட்டலம் வரவேண்டும். அதற்கு ஒரு வண்டி நடை கூடும். அதுவும் விலையில் ஏறும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவரும் வருகிறார். சப்பாத்தியைத் தவிர்த்தால் போதும் என்றுதான் பலரும் நினைப்போம். மாஸ்டர் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கம் அச்சிட்டிருந்ததைக் காட்டினார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்படியானால் சாம்பார், ரசம் இரண்டுமே அவருக்கு ஆகாது. பெருங்காயம் போடுமுன் தனிச் சட்டியில் எடுத்துவைக்கவேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கோ, எண்ணெயிலிருந்தே கவனம் வேண்டும். 'சிறப்பு உணவு 8' என்று மட்டும் எழுதினால் சமையற்காரருக்கு இதில் ஒன்றும் விளங்காது. யாருக்கு எது ஆகாது, எந்தெந்த வேளைக்கு என்று எழுதவேண்டும்.

நேரத்தை அவர் பின்னாலிருந்து எண்ணினார். பந்தி ஒரு மணிக்கு என்றால் பாத்திரங்களை அடுக்க அரை மணிக்கு மேல் ஆகும், வண்டி 12.20க்குள் வாசலில் நிற்கவேண்டும். கல்லூரிக்கு இருபது நிமிடப் பயணம். ஆகவே பன்னிரண்டுக்குக் கிளம்பவேண்டும். சோறு வடிப்பது கடைசி வேலை. கிலோவுக்குப் பத்துப் பேர் கணக்கில் 22 கிலோ அரிசி. பதினொன்றரைக்குள் வடித்து ஹாட்பாக்ஸில் போட்டுவிடுவார்கள்.

"பேச்சு நீண்டு ஒண்ணே முக்கால் ஆயிட்டா?" என்று கேட்டேன்.

"சாம்பார் தாங்கும் சார். அப்பளம் தாங்காது, பொரியல் நெறம் மாறிரும்."

சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்கவேண்டும். மூடியைத் திறந்ததும் ஆவி எழவில்லை என்றால் வெப்பமானியை வைத்துப் பார்ப்பாராம். அப்பளத்தை அங்கேயே பொரிப்பதுதான் வழி. அதற்கு மண்டபத்தில் அடுப்பு வைக்க இடம் உண்டா, தண்ணீர் வருமா, சரக்கு வண்டி எந்த வாசலில் நுழையலாம் என்பதெல்லாம் கடிதத்தில் இருந்தாகவேண்டும்.

திரும்பி வந்து எழுதிய கடிதத்தில் நாள், வேளை, தலை எண்ணிக்கை, பந்தி நேரம், வண்டி வந்து சேரவேண்டிய நேரம் என்று ஒரு கட்டம் போட்டேன். அதன்கீழே கட்டுப்பாடுகளை ஆள்வாரியாக எழுதினேன். சாப்பாட்டு விலை, வண்டி வாடகை, பரிமாறும் ஆட்களின் கூலி, வரி நான்கையும் தனித்தனியாகக் கேட்டேன். இல்லையென்றால் ஒருவர் கூலியைச் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் எழுதுவார்கள். எது மலிவு என்று ஒப்பிடவே முடியாது.

கடைசி வரியை மாஸ்டர் சொன்னபடியே எழுதினேன்: இறுதி எண்ணிக்கையை இரண்டு நாள் முன்னதாக மாலைக்குள் தருவோம், அதன்பின் ஆட்கள் குறைந்தாலும் அந்த எண்ணிக்கைக்கே பணம் தருவோம். இந்த உறுதி இல்லாவிட்டால், வீணாகக்கூடிய சாப்பாட்டின் செலவையும் ஒவ்வொரு இலையின் விலையிலும் ஏற்றித்தான் அவர் கேட்கவேண்டியிருக்கும். காய் நறுக்கவும் பரிமாறவும் நாள் கூலிக்கு வருகிறவர்களுக்கும் அந்த மாலையிலேயே வேலை நிச்சயமாகிவிடும்.