‘ரேஷன் கார்டு’ என்று மட்டும்

என் வாட்ஸப்பில் ஊர்க்காரர்கள் அனுப்பும் செய்திகளுக்கு வினைச்சொல்லே கிடையாது. ‘பர்த் சர்டிபிகேட்.’ ‘பட்டா.’ ‘சாதி சான்று தம்பி.’ ‘ரேஷன் கார்டு.’ அவ்வளவுதான். வேண்டுமா, தொலைந்துவிட்டதா, தப்பா இருக்கா, எங்கே வாங்குவது, எதுவும் இருக்காது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பத்து வருடமாக இப்படிக் கேட்டுக் கேட்டு இப்போது நிஜமாகவே கொஞ்சம் தெரியும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க முடியாது. தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நின்றவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பவர் “என்ன?” என்று கேட்பார். நாம் “ரேஷன் கார்டு” என்போம். “அதுல என்ன?” என்று அடுத்து அவர்தான் கேட்பார். முழுக்கதையையும் சொல்ல ஆரம்பித்தால், “சுருக்கமாச் சொல்லுமா, பின்னாடி ஆளு நிக்குது” என்பார்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிற்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. போனிலும் அதே ஜன்னல்தான், உள்ளே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் தொழிலில் இதற்கு ஒரு பழைய பேச்சு உண்டு. தேடுபொறியில் ஒற்றைச் சொல்லைத் தட்டுகிறவருக்கு என்ன வேண்டும்? 2002இல் ஆண்ட்ரே பிராடர் ஒரு கட்டுரையில் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு விஷயம் தெரிந்துகொள்ள, ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போய்ச்சேர, ஒரு காரியத்தை முடிக்க. நல்ல பிரிவுதான். ஆனால் என் அத்தை ‘பர்த் சர்டிபிகேட்’ என்று அனுப்பினால் அது மூன்றாவது வகை என்று தெரிந்து எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தக் காரியம் என்பதல்லவா கேள்வி?

மாதத்தைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மே மாதம் ‘பர்த் சர்டிபிகேட்’ வந்தால் அது எல்கேஜி அட்மிஷன். வீட்டில் சான்றிதழ் இருக்கும், பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், ஆனால் அதற்குள் எந்த வீட்டில் பெயர் முடிவாகிறது? பெயரில்லாமலே பதிவாகிவிடும். பிறகு ஒரு வருடத்துக்குள் போனால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பதினைந்து வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இது யாருக்கும் நினைவிருப்பதில்லை, மே மாதம்தான் நினைவு வரும். எனவே மே மாதச் செய்திக்கு என் பதில் ஒன்றுதான்: “பேர் எழுதியிருக்கா பாருங்க அத்தை.” பெரும்பாலும் எழுதியிருக்காது.

ரேஷன் கார்டு அவ்வளவு லேசு இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஆறேழு தேவைகள் இருக்கின்றன. புது அட்டை, தொலைந்த அட்டை, பெயர் சேர்க்க, நீக்க, முகவரி மாற்ற, சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக்க, மருத்துவக் காப்பீட்டுக்குக் காட்ட. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

2023 ஜூலைக் கடைசியில் ஒரு ராத்திரி, பதினொன்றே முக்காலுக்கு, எங்கள் தெரு அக்கா ஒருவர் அனுப்பியிருந்தார்: ‘ரேஷன் கார்டு’. சின்ன வயதில் எனக்கு டியூஷன் எடுத்தவர். கல்யாணமாகி வேறு மாவட்டத்துக்குப் போனவர், இரண்டு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். “லீவுக்கு வந்திருக்கா” என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் திறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அந்த வாரம் எல்லோரும் ரேஷன் கார்டு பற்றித்தான் பேசினார்கள். ஜூலை 24ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகைக்கான முகாம்கள் தொடங்கியிருந்தன. மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண். டோக்கனும் விண்ணப்பமும் அட்டை எந்தக் கடையில் பதிவாகியிருக்கிறதோ அந்தக் கடைக்காரர்கள் மூலமாக வீட்டுக்கு வரும். எனக்கு அந்த வாரத்தில் வந்த ரேஷன் கார்டுச் செய்திகள் எல்லாமே அதைப் பற்றியவை. ஆனால் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு யாரும் டோக்கன் பற்றிக் கேட்பதில்லை.

நான் கேட்பது எப்போதும் “யாருக்கு?” என்றுதான். “எதுக்கு?” என்று கேட்கமாட்டேன். எதுக்கு என்றால் காரணம் சொல்ல வேண்டும், நியாயம் சொல்ல வேண்டும், சிலருக்கு அது வாயில் வராது. யாருக்கு என்றால் ஒரு பெயரோ உறவோ சொன்னால் போதும்.

“யாருக்குக்கா?”

“எனக்கும் பாப்பாவுக்கும்.”

அதில் ஒரு ஆள் குறைந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. “இப்ப உங்க பேர் எந்தக் கார்டுல இருக்கு?” என்றேன். “அங்க.” “அந்தக் கார்டுல எந்த போன் நம்பர் குடுத்திருக்காங்க?” கொஞ்ச நேரம் கழித்து, “அவரது.”

இந்த மூன்று பதிலில் சிக்கல் முழுவதும் வந்துவிட்டது. ஒரு ஆதார் எண் ஒரே ஒரு குடும்ப அட்டையில்தான் இருக்க முடியும். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்கள் இதை யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் என்பார்கள், போலி அட்டையைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அதன் விளைவு, பழைய அட்டையிலிருந்து பெயர் நீங்காமல் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தால் அது நிற்காது. அம்மாவின் அட்டையில் சேர்வதற்கும் அதே தடை. பெயரை நீக்க tnpds.gov.in தளத்தில் உள்ளே நுழைய வேண்டும், நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபி அட்டையில் பதிவான எண்ணுக்குப் போகும். அதாவது, ஒருத்தி ஒரு வீட்டைவிட்டு வந்துவிட்டேன் என்று பதிவு செய்ய, அந்த வீட்டில் இருப்பவர் போனைப் பார்த்து எண்களைச் சொல்ல வேண்டும். இந்தத் தளத்தை வடிவமைத்தவர்கள் மனதில் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது, அதில் எல்லோரும் எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அம்மா அட்டையிலேயே சேர்ந்துகொள்ளலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். “அதுல அண்ணன் அண்ணி இருக்காங்க. ஒரு கார்டுக்கு ஒரு ஆயிரம். நான் போய்ச் சேர்ந்தா அண்ணி என்ன நினைப்பாங்க?” என்றார். அக்கா அனுப்பியதிலேயே நீளமான செய்தி அதுதான். அரிசியோ ஆயிரமோ இரண்டாம் பட்சம், அந்த வீட்டில் பாரமில்லாமல் இருக்க அவருக்கு ஒரு தனி அட்டை வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

வழி இருந்தது. கணவரைப் பிரிந்து தனியாக வாழும் பெண்களிடம் நீதிமன்ற விவாகரத்துத் தீர்ப்பைக் கேட்காமல், அவர்கள் எழுதிக்கொடுப்பதையும் கள விசாரணையையும் வைத்துப் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புதிய அட்டை தரலாம் என்று தமிழக உணவுத் துறை 2021 இறுதியில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. நான் அதை ஒரு செய்தித்தாள் கத்தரிப்பில் பார்த்திருந்தேன், தேடி எடுத்து அனுப்பினேன். ஜன்னலில் முதல் நாள் போனபோது, “டைவர்ஸ் பேப்பர் கொண்டா, இல்லன்னா அவரைக் கூட்டிட்டு வா” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுமுறை கத்தரிப்பைக் காட்டிவிட்டு, வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு வந்தார். வாயால் கேட்டால் வாயால் ‘இல்லை’ என்பார்கள். தேதி போட்ட மனுவுக்கு அப்படிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

அதற்கு முன் முகவரி. அவர் ஆதாரில் புகுந்த வீட்டு முகவரி இருந்தது. தனியாக வசிக்கிறேன் என்று மனு கொடுத்துவிட்டு அந்த முகவரியைக் காட்ட முடியாது. அவர் பெயரில் வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ கிடையாது. அந்த வருடம் ஜனவரியில்தான் குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு முகவரி மாற்றும் வசதியை ஆதார் ஆணையம் கொண்டுவந்திருந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்றால் அப்பாவோ கணவரோதான் என்றில்லை, அம்மாவும் ஆகலாம். அப்போது ஐம்பது ரூபாய் கட்டணம். அம்மா போனுக்கு வரும் கோரிக்கையை முப்பது நாளுக்குள் அவர் ஏற்றுக்கொண்டால் போதும். அக்காவின் ஆதாரில் அவருடைய சொந்த எண்ணே இருந்தது, அது பெரிய அதிர்ஷ்டம். அதிலும் அவர் எண் இருந்திருந்தால் ஆதார் மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்து எண்ணை மாற்றுவதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

பிறகு அடுப்பு. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு அட்டை என்றால் விசாரணைக்கு வருகிறவர் தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்குப் பின்னால் பழைய தறிக்கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுண்ணாம்பு அடித்து, ஒரு அடுப்பும் நாலு பாத்திரமும் வைத்து, அக்காவும் பாப்பாவும் அங்கே போனார்கள். விசாரணைக்காகத்தான் போனார்கள். போன பிறகு திரும்பி வரவில்லை. “இங்க நல்லாத்தான்டா இருக்கு” என்றார்.

வந்தவர் நல்ல மனிதர், அடுப்பைப் பார்த்தார், பாப்பாவிடம் எந்த ஸ்கூல் என்று கேட்டார், பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி. பாப்பாவின் பெயரையும் சேர்த்தே நீக்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. அம்மா பெயர் மட்டும் நீங்கிக் குழந்தை பெயர் பழைய அட்டையில் தங்கிவிட்டால் இன்னொரு சுற்று இருக்கும்.

பெயர் நீங்கிவிட்டது. அட்டைதான் வரவில்லை. “உரிமைத் தொகை வேலை முடியட்டும், புதுக் கார்டு போடறத நிறுத்தி வச்சிருக்கோம்” என்று ஆபீஸில் சொன்னார்கள். இது நான் எதிர்பார்க்காதது. இப்போது அக்காவும் பாப்பாவும் எந்த அட்டையிலும் இல்லை. கடையில் அரிசி இல்லை, காப்பீட்டுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. மாதாமாதம் விண்ணப்ப எண்ணைப் போட்டு நான் தளத்தில் நிலையைப் பார்ப்பேன், மாறியிருக்காது. அந்த இடைவெளியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. அண்ணி தன் வளையலை அடகு வைத்துக் கட்டினார். அண்ணியைப் பற்றி அக்கா பயந்த மாதிரி அவர் இல்லை.

அட்டை கைக்கு வந்தபோது 2024 முடியப்போகிறது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அக்காவின் படம், கீழே பாப்பா. உரிமைத் தொகை முகாம்கள் எப்போதோ முடிந்திருந்தன, அந்த ஆயிரத்துக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் கடையில் பொருள் வாங்கியதும் வருமே, என்னென்ன எத்தனை கிலோ என்று ஒரு குறுஞ்செய்தி, அது அக்காவின் எண்ணுக்கு வந்திருந்தது. அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு. எனக்கு அதை அப்படியே ஃபார்வர்ட் செய்திருந்தார், கீழே ஒன்றும் எழுதவில்லை.