ஓசூரின் மூன்று வாசல்கள்

2019 டிசம்பர் 31ஆம் நாள் மாலை. கர்நாடகத்தின் எல்லை ஊரான அத்திபெலேயில், தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் தொலைக்காட்சி அந்த ஆண்டின் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தது. சென்செக்ஸ் ஓராண்டில் 14 சதவிகிதம் உயர்ந்து 41,253 புள்ளிகளில் நின்றது. நிஃப்டி 12 சதவிகிதம் உயர்ந்திருந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்தவர், வாகன உதிரிபாகப் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவருடைய மடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அதை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, சந்தை உச்சத்துல இருக்குங்கறாங்க. நம்ம பணம் மட்டும் ஏன் கொறஞ்சுருக்கு?"

"அதத்தான்ம்மா நானும் பாத்துக்கிட்டிருக்கேன்."

பணிக்கொடையில் ஒரு பகுதியை, மகளின் மேற்படிப்புக்கென்று, 2017 இறுதியில் அவர் பங்குகளில் போட்டிருந்தார். தெரியாத நிறுவனம் எதையும் அவர் தொடவில்லை. அத்திபெலேயிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓசூரில், தாம் ஆயிரம் முறை கடந்து சென்ற மூன்று ஆலை வாசல்களையே தேர்ந்தெடுத்தார்: அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன். ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் ரூபாய். நேர்மையான, பொறுமையான தேர்வு. ஈராண்டு முடிவில் அந்த மூன்று லட்சம் ஏறத்தாழ 2,67,000 ஆகியிருந்தது. அதே ஈராண்டில் நிஃப்டி 10,530இலிருந்து 12,168க்குச் சென்றிருந்தது. அதைப் பின்பற்றிய மூன்று லட்சம் 3,46,000ஐத் தாண்டியிருக்கும்.

தாம் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை என்று அவர் ஈராண்டாக நம்பிக்கொண்டிருந்தார். வீட்டிலும் அப்படித்தான் பேச்சு. சந்தை ஏறும்போது இழப்பவன் மூடன் என்பது ஊரறிந்த தீர்ப்பு. ஆனால் அந்த ஈராண்டில் சந்தை ஏறியதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நடுத்தர நிறுவனங்களுக்கான நிஃப்டி மிட்கேப் 100 குறியீட்டெண் 2018இல் சுமார் 15 சதவிகிதமும், 2019இல் மேலும் 4 சதவிகிதமும் வீழ்ந்தது. சிறு நிறுவனங்களுக்கான ஸ்மால்கேப் 100 முதல் ஆண்டில் சுமார் 29 சதவிகிதமும், அடுத்த ஆண்டில் 9 சதவிகிதத்துக்கு மேலும் வீழ்ந்தது. அங்கே போட்ட நூறு ரூபாய் அறுபத்து நான்காகியிருந்தது. இழப்பு அவர் ஒருவருடையதன்று. பெரும்பாலான பங்குகளின் கதையே அதுதான். தலைப்புச் செய்தியாகும் எண் வேறொன்றை அளந்துகொண்டிருந்தது.

அது எதை அளக்கிறது என்பதை அவருடைய மூன்று பங்குகளைக் கொண்டே காட்டிவிடலாம். 2017 இறுதியில் டைட்டனின் விலை சுமார் 858 ரூபாய், டிவிஎஸ் 770, அசோக் லேலண்ட் 119. 2019 இறுதியில் அவை முறையே 1,188, 468, 81. மூன்றில் ஒன்று ஏறியது, இரண்டு இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரே தொகை வைத்திருப்பவருக்கு இழப்பு ஏறக்குறைய 11 சதவிகிதம்.

இனி இதே மூன்றை வைத்து ஒரு குறியீட்டெண் செய்வோம். குறியீட்டெண் ரூபாயைச் சமமாகப் பங்கிடுவதில்லை. நிறுவனத்தின் சந்தை மதிப்பை, அதாவது பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகையை, எடையாகக் கொள்கிறது. 2017 இறுதியில் டைட்டனின் சந்தை மதிப்பு சுமார் 76,000 கோடி, டிவிஎஸ் 36,500 கோடி, அசோக் லேலண்ட் 35,000 கோடி. கூட்டினால் 1,47,500 கோடி. ஈராண்டுக்குப் பின் டைட்டன் 1,05,500 கோடி, டிவிஎஸ் 22,000 கோடி, அசோக் லேலண்ட் 24,000 கோடி. கூட்டினால் 1,51,500 கோடி. குறியீட்டெண் 2.7 சதவிகிதம் உயர்ந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்குகள் முப்பது சதவிகிதத்துக்கு மேல் மதிப்பிழந்த அதே காலத்தில், அதே விலைகளைக் கொண்டு. எங்கும் கணக்குப் பிழை இல்லை.

நிஃப்டியின் சூத்திரம் இதைவிடச் சற்றே நுணுக்கமானது. 2009 ஜூன் முதல் அது நிறுவனர்கள் கையிலிருக்கும் பங்குகளை விலக்கி, பொதுமக்களிடையே கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 1995 நவம்பர் 3ஆம் நாளின் மதிப்பை 1,000 என்று கொண்டு, அன்றிலிருந்து எத்தனை மடங்கு என்று சொல்கிறது. சென்செக்ஸும் 2003 முதல் இம்முறைக்கு மாறிவிட்டது. அடிப்படை ஒன்றே: பெரியது உரக்கப் பேசும். ஐம்பது நிறுவனங்கள் கொண்ட நிஃப்டியில் முதல் பத்தின் எடையே பாதிக்கு மேல். 2018இல் டிசிஎஸ் சுமார் 40 சதவிகிதமும் ரிலையன்ஸ் 20 சதவிகிதத்துக்கு மேலும் ஏறின. அதே ஆண்டில், அதே நிஃப்டிக்குள் இருந்த டாடா மோட்டார்ஸ் தன் விலையில் பாதிக்கு மேல் இழந்தது. ஆண்டு முடிவில் நிஃப்டி 3 சதவிகித ஏற்றம் காட்டியது.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய வேறுபாடுதான். ஒரு நூலில் உள்ள சொற்களை வரும் தடவைதோறும் எண்ணலாம். வேறுவேறான சொற்கள் எத்தனை என்றும் எண்ணலாம். முதல் எண்ணிக்கையில் அடிக்கடி வரும் ஒருசில சொற்களே பெரும்பங்கை நிரப்பிவிடும். இரண்டாவதில் ஒருமுறை மட்டுமே வரும் சொல்லுக்கும் முழு இடம் உண்டு. குறியீட்டெண் முதல் வகை. சந்தை அகலம் என்று அழைக்கப்படுவது இரண்டாம் வகை. அன்று ஏறிய பங்குகள் எத்தனை, இறங்கியவை எத்தனை என்று, அளவு பாராமல், தலைக்கு ஒன்றாக எண்ணுவது அது. இரண்டின் வேறுபாட்டை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்தால் ஒரு கோடு கிடைக்கும். குறியீட்டெண் மேலே செல்ல, அந்தக் கோடு கீழே இறங்குமானால் ஏற்றம் சிலருடைய தோள்மீது நிற்கிறது என்று பொருள்.

எடைமுறையில் கவனிக்காமல் விடப்படும் ஓர் இயல்பு உண்டு. வீழும் பங்கு தன் விலையோடு தன் எடையையும் இழக்கிறது. மேலே கண்ட மூன்றில் தொடக்கத்தில் டிவிஎஸ்ஸின் எடை நூற்றுக்கு இருபத்தைந்து. முடிவில் பதினைந்துக்கும் குறைவு. அதன் பிறகு அது இன்னொரு பத்து சதவிகிதம் வீழ்ந்தாலும் மொத்தத்தில் முன்போல வலிக்காது. டைட்டனோ பாதியாக இருந்து ஏழு பங்குக்கு அருகில் வந்துவிட்டது. ஏறுபவரின் குரல் ஏற ஏற வலுக்கிறது. இறங்குபவரின் முனகல் இறங்க இறங்கத் தேய்கிறது. போதாததற்கு, உறுப்பினர் பட்டியலும் ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. 2018 ஏப்ரலில் பாஷ், அம்புஜா சிமென்ட்ஸ், அரவிந்தோ பார்மா ஆகியவை வெளியேற, பஜாஜ் ஃபின்சர்வ், கிராசிம், டைட்டன் உள்ளே வந்தன. ஓசூரின் மூன்று வாசல்களில் நிஃப்டிக்குள் நுழைந்தது ஏறிக்கொண்டிருந்த அந்த ஒன்றுதான். மற்ற இரண்டின் வீழ்ச்சி அந்த எண்ணில் ஒரு புள்ளியளவும் பதிவாகவில்லை.

வீழ்ச்சிக்கான காரணங்கள் கண்முன்னே நடந்தவை. 2017இல் சிறு பங்குகள் வெறும் ஆசையிலேயே மிக உயரத்துக்கு ஏறியிருந்தன. 2018 ஜூலையில் சரக்கு வாகனங்கள் ஏற்றக்கூடிய எடை வரம்பை அரசு உயர்த்தியது. பழைய லாரியே கூடுதல் சுமை ஏற்றலாம் என்றானபின் புது லாரிக்கு அவசரம் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியது. அதனால் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் வரத்துக் குறைந்து, அவற்றை நம்பியிருந்த வாகனக் கடன் சுருங்கியது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் ஓசூர் உள்ளிட்ட தன் ஆலைகளில் வேலையில்லா நாள்களை அறிவித்தது. அஞ்சிய பணம் கடன் சுமை குறைந்த, பெரிய, எளிதில் விற்கக்கூடிய சில பங்குகளில் போய் ஒதுங்கியது. ஆகவே பெரும்பாலானவற்றின் துன்பமும் சிலவற்றின் ஏற்றமும் தற்செயலாக ஒரே காலத்தில் நிகழவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு உணவாயிற்று.

அகலத்தை அளப்பதற்கும் எல்லை உண்டு. மும்பைப் பங்குச் சந்தையில் பதிவான ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் பல, நாளொன்றுக்குச் சில நூறு பங்குகள்கூடக் கைமாறாதவை. ஐந்து பைசா ஏறினாலும் அது ‘ஏறிய பங்கு’தான். அகலம் குறுகியதால் வீழ்ச்சி நெருங்கிவிட்டது என்று நாள் குறிப்பதும் கூடாது. அமெரிக்காவில் நியூயார்க் சந்தையின் ஏற்ற இறக்கக் கோடு 1998 ஏப்ரலிலேயே உச்சம் கண்டு இறங்கத் தொடங்கியது. எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணோ 2000 மார்ச்சில்தான் உச்சம் கண்டது. இடைப்பட்ட ஈராண்டில் எச்சரிக்கையை நம்பி விலகியவரும் இழந்தார். அகலம் சொல்வது ஏற்றம் எத்தனை பேரிடம் பரவியிருக்கிறது என்பதை மட்டுமே. எப்போது முடியும் என்பதை அன்று.

அன்றிரவு அந்தக் கணக்கர் மூன்று விலைகளையும் பங்கு எண்ணிக்கைகளையும் நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதிக் கூட்டினார். ஒரு பத்தியில் பதினொன்று குறைந்தது, மறுபத்தியில் இரண்டே முக்கால் கூடியது. மகளிடம் நோட்டை நீட்டினார். அவள் இருமுறை கூட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுமே சரிதான்ப்பா."

"ஆமாம்மா. ஒண்ணு கம்பெனிகளோட கணக்கு. இன்னொண்ணு நம்ம கணக்கு."

ஜனவரியில் அவளுடைய கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. இறங்கிய இரண்டை விற்க அவருக்கு மனம் வரவில்லை. இலாபத்தில் இருந்த டைட்டனில் ஒரு பகுதியை விற்றார். எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். நோட்டில் அதைப் பதிந்தபோதுதான் அவருக்கு உறைத்தது: ஏறியதை வைத்துக்கொண்டு அதற்கு மேலும் மேலும் இடம் கொடுப்பதனாலேயே குறியீட்டெண் ஏறுகிறது. அவருடைய பட்டியலில் அதற்கு நேர்மாறாக, ஏறியது சிறுத்து, இறங்கியவை பெருத்து நின்றன. கட்டண ரசீதை மடித்து அந்தப் பக்கத்திலேயே வைத்தார்.