கல்லும் புல்லும்

கணவனின் அடிதாங்காது பிறந்தகம் வந்த பெண்ணொருத்தியை அவள் தந்தையார் என்னிடம் அழைத்துவந்து, “கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று நீங்களே சொல்லுங்கள், சுவாமி” என்றார்.

கல்லாதவனாகிய ‘கல்லான்’, கீழ்மகனாகிய ‘புல்லன்’ என்பனவே இப்பழமொழியின் மூலச்சொற்கள் என்பாரும் உளர். அவ்வாறாயினும் பொறுக்க வேண்டியவள் பெண்ணே. ஆண்மகனுக்கோ, “தாயைப் பார்த்துப் பெண்ணை எடு” என்கிறோம். அவனுக்கு மணத்துக்கு முன் ஆராயும் உரிமை. அவளுக்கு மணத்துக்குப் பின் சகிக்கும் கடமை!

“கல்லானாலும் மனைவி என்றொரு பழமொழி உண்டா?” என்று கேட்டேன். பெரியவர் நெடுநேரம் சிந்தித்தார். பின்னர், “வா அம்மா, வீட்டுக்குப் போவோம்” என்று எழுந்தார்.

“எந்த வீட்டுக்கு அப்பா?” என்றாள் அவள்.

“நம் வீட்டுக்குத்தான்.”