மூன்று வரியில் மறுத்தேன்

தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். டியூட்டி லிஸ்ட் போடுவது என் வேலை. எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர் நிரந்தரமாக மதிய ஷிஃப்ட் கேட்டு எழுதியிருந்தார். “நிர்வாகக் காரணங்களால் இயலாது. யாருக்கும் நிரந்தர ஷிஃப்ட் வழங்கப்படுவதில்லை. வருந்துகிறேன்.” இதுதான் நான் அனுப்பிய பதில். இரண்டாவது வாக்கியம் பொய். வேறொரு சிஸ்டருக்கு நிரந்தரக் காலை ஷிஃப்டை வாய்மொழியாகக் கொடுத்து வைத்திருந்தவளே நான்தான்.

மறுத்தது தவறில்லை. வார்டில் ஏழு பேர். ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவர் வேண்டும் என்றால் வாரத்துக்கு 42 டியூட்டி. ஆளுக்கு ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஆஃப் என்றால் ஏழு பேரின் கணக்கும் 42தான். உபரி ஆளே இல்லை. 30 நாள் மாதத்தில் 60 இரவு டியூட்டி. ஏழு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு எட்டு அல்லது ஒன்பது வரும். நான் கொடுத்த சலுகையால் அது ஏற்கெனவே ஆறு பேர் தலையில் பத்துப் பத்தாக விழுந்திருந்தது. இவரையும் விட்டால் மற்ற ஐவருக்கும் பன்னிரண்டு. இந்தக் கணக்கை எழுதினால் என் சலுகை வெளியே வந்துவிடும் என்றுதான் “நிர்வாகக் காரணம்” என்று எழுதினேன்.

அதைவிடப் பெரிய தவறு, அவரிடம் காரணம் கேட்காமல் விட்டது. அவருடைய அப்பாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம். கூட இருக்க வேறு ஆள் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது டியூட்டி இல்லாத மூன்று காலைகள்தான். ஷிஃப்ட் பெயரைப் பார்த்து மறுத்த நான் அதைக் கேட்கவே இல்லை. ஹேண்ட் ஓவர் நேரத்தில் வேறொரு சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாவது கடிதத்தை உட்கார்ந்து எழுதினேன். முதல் கடிதத்தில் இருந்த பொய்யைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மேலே சொன்ன கணக்கை அப்படியே வைத்து, நிரந்தர மதிய ஷிஃப்ட் ஏன் முடியாது என்றேன். அதற்குப் பதிலாக ஒரு வழி சொன்னேன்: திங்கள் முதல் வியாழன் வரை மதியம், வெள்ளியும் சனியும் இரவு, ஞாயிறு ஆஃப். இரவு டியூட்டி காலை ஏழுக்கு முடியும். சனி, ஞாயிறு காலைகளில் டயாலிசிஸ் கிடையாது. வெள்ளியன்று பதினொரு மணிக்கு மேல் தூங்கிவிட்டு இரவு எட்டு மணிக்கு வரலாம். எல்லோரும் தட்டிக்கழிக்கிற வார இறுதி இரவுகளை இவர் எடுப்பதால் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபரிசீலனை என்றும், யாராவது நீண்ட விடுப்பில் போனால் இந்த ஏற்பாடு மாறலாம் என்றும் எழுதினேன். அவர் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாய்மொழியாகக் கொடுத்த அந்தக் காலை ஷிஃப்டை இன்னும் நான் தொடவில்லை. அந்த சிஸ்டரிடமும் காரணம் கேட்டு, அடுத்த மாத லிஸ்டுக்கு முன் எழுத்தில் முடிவு சொல்லியாக வேண்டும்.